பட்ஜெட்டைக் கூட்டுவதற்கு முன் மூன்றாவது கீவேர்டைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. கோவையில் எங்கள் மாமா போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். கூகுள் தேடல் விளம்பரத்தை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். தினசரி பட்ஜெட் 800 ரூபாய். Maximize clicks முறையில், ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் 45 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். கடந்த 30 நாட்களில் 24,000 ரூபாய் செலவு. 15,000 இம்ப்ரெஷன், 750 கிளிக், 30 போன் அழைப்புகள். இம்ப்ரெஷன் ஷேர் 30 சதவீதம். பட்ஜெட்டால் இழந்தது 45, ரேங்க்கால் இழந்தது 25. மூன்று கீவேர்டுகளின் குவாலிட்டி ஸ்கோர் பத்துக்கு 7, 4, 3. சராசரி ஐந்துகூட இல்லை. ஓர் ஏஜென்சிக்காரர் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர், முதலில் ஸ்கோரை எட்டுக்கு மேல் கொண்டுவா என்கிறார். எது சரி? கீவேர்டு வாரியான ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: பட்ஜெட்டை இப்போது தொடாதீர்கள். ஸ்கோரை எட்டாக்கும் வேலையையும் தள்ளிவையுங்கள். இருவருமே ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மருந்து எழுதியிருக்கிறார்கள்.

முதலில் சதவீதங்களை எண்ணிக்கையாக மாற்றுவோம். நான் எந்தக் கணக்கைத் திறந்தாலும் முதலில் செய்வது இதைத்தான். சதவீதமாகவே வைத்துக்கொண்டிருந்தால் எது பெரிது, எது சிறிது என்பதே தெரியாது. விளம்பரம் ஒருமுறை திரையில் வருவது ஓர் இம்ப்ரெஷன்; வரத் தகுதி இருந்த வாய்ப்புகளில் உண்மையில் வந்த பங்குதான் இம்ப்ரெஷன் ஷேர்.

```
தகுதியான இம்ப்ரெஷன் = இம்ப்ரெஷன் ÷ இம்ப்ரெஷன் ஷேர்
15,000 ÷ 0.30 = 50,000
```

அதாவது, உங்கள் விளம்பரம் வரத் தகுதி இருந்த வாய்ப்புகள் சுமார் 50,000. அவற்றில் 15,000 கிடைத்தன. பணம் போதாமல் போனவை 22,500. ஏலத்தில் நுழைந்தும் தோற்றவை 12,500. இந்தத் தகுதியான எண்ணிக்கை கூகுளின் மதிப்பீடுதான். உங்கள் கீவேர்டுகள், குறிவைத்த ஊர், விளம்பரத்தின் ஒப்புதல் நிலை, தரம் ஆகியவற்றை வைத்து அது போடப்படுகிறது. வகுக்கும் எண் உங்கள் அமைப்புகளிலிருந்து வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு தவறாக இருந்தால், உங்களுக்குத் தேவையே இல்லாத வாய்ப்புகளும் ‘இழப்பு’ என்ற பெயரில் வந்து நிற்கும்.

இப்போது ஏஜென்சிக்காரரின் யோசனைக்கு வருவோம். பட்ஜெட்டால் 45 போயிற்று, பணம் போட்டால் அந்த 45 திரும்பி வந்துவிடும், ஷேர் 75 ஆகும் என்பது அவர் கணக்கு. 75 என்பது உச்சவரம்பு. அதை நம்பித் திட்டம் போட மாட்டேன். பணம் இருந்து ஏலத்துக்குள் போனபோது உங்கள் விளம்பரம் எப்படி விளையாடியது என்று பாருங்கள்: 27,500 முறை போனது, 15,000 முறை வென்றது. அது 55 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பணம் கொடுத்து உள்ளே அனுப்பும் மீதி 22,500 மட்டும் திடீரென்று எல்லாவற்றையும் வெல்லும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நடைமுறையில், பட்ஜெட்டைக் கூட்டியதும் பட்ஜெட் இழப்பு இறங்கும். அதில் ஒரு பகுதி ரேங்க் இழப்பாக மறுபக்கம் ஏறும். ஆகவே 55 என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவேன்.

உங்கள் Maximize clicks அமைப்பு இதில் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அந்த முறை கொடுத்த பட்ஜெட்டைச் செலவழித்து முடிக்கப் பார்க்கும். 55 சதவீதத்தை எட்ட, இன்றைய விலையில் மாதம் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 19,600 ரூபாய். நீங்கள் 24,000 கூட்டினால் மிச்சப் பணத்தை அது சும்மா வைத்திருக்காது. 45 ரூபாய் வரம்பு வரை ஏலத் தொகையை உயர்த்திப் பார்க்கும். வருடங்களுக்கு முன் ஒரு பல் மருத்துவமனைக் கணக்கில் வரம்பே வைக்காமல் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினேன். கிளிக் எண்ணிக்கை கொஞ்சம்தான் ஏறியது, ஒரு கிளிக்கின் விலை எகிறியது. மாதக் கடைசியில் அவர்களுக்கு விளக்கம் சொல்ல உட்கார்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் வரம்பு வைத்திருக்கிறீர்கள். அந்த அளவில் என்னைவிட முன்னால் இருக்கிறீர்கள்.

இதுவரை பார்த்தது மேலோட்டம். உண்மையான விஷயம் நீங்கள் இணைத்த ரிப்போர்ட்டில் இருக்கிறது. பட்ஜெட் இழப்பைக் கூகுள் கேம்பெயின் அளவில் மட்டுமே காட்டும், கீவேர்டு அளவில் காட்டாது. ஆனால் ஷேரும் ரேங்க் இழப்பும் கீவேர்டு அளவில் கிடைக்கின்றன. இரண்டையும் நூறிலிருந்து கழித்தால் மிச்சம் இருப்பது ஏறத்தாழ பட்ஜெட் பங்கு. இந்தக் கழித்தலைத் திரையில் எந்த நெடுவரிசையும் செய்து தராது; ஒரு தாளில் நீங்களே போட வேண்டும். போட்டால் இப்படி வருகிறது:

| கீவேர்டு | ஸ்கோர் | ஷேர் | ரேங்க் இழப்பு | மிச்சம் | செலவு | அழைப்பு |
|---|---|---|---|---|---|---|
| "borewell motor repair" | 7 | 38% | 12% | 50% | ₹7,904 | 19 |
| "submersible pump service" | 4 | 22% | 43% | 35% | ₹5,412 | 7 |
| motor | 3 | 31% | 22% | 47% | ₹10,684 | 4 |

கடைசி இரண்டு நெடுவரிசைகளை மட்டும் முதலில் பாருங்கள். போர்வெல் கீவேர்டில் ஓர் அழைப்புக்கு 416 ரூபாய் ஆகிறது. சப்மெர்சிபிளில் 773. வெறும் motor என்று, தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரத்தைக் காட்டும் பிராட் மேட்ச்சில் போட்டிருப்பதில் 2,671. மாதச் செலவில் ஏறத்தாழ பாதி அந்த ஒரே சொல்லுக்குப் போகிறது. அதுமட்டுமல்ல, அந்த 50,000 வாய்ப்புகளில் 28,000 அதனுடையவை. பட்ஜெட்டால் இழந்த 22,500-இல் 13,300-உம் அதனுடையவை. அப்படியானால் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கியிருந்தால் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி எங்கே போயிருக்கும்?

தேடல் சொற்கள் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். 1 hp motor price, motor winding wire, second hand motor என்று வாங்க வருபவர்கள் ஒரு பக்கம். motor vehicle inspector தேர்வு எழுதுபவர்கள் இன்னொரு பக்கம். அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் உங்கள் விளம்பரத்தைத் தட்டி, மாமாவின் காசில் 34 ரூபாயைக் கரைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த 28,000-இல் பெரும்பகுதியை இழந்தது இழப்பே அல்ல. கிடைத்ததுதான் இழப்பு.

உங்கள் நண்பரின் யோசனை தவறிப்போவதும் இதே இடத்தில்தான். அந்த 3 என்ற ஸ்கோரை எட்டாக்க வேண்டும் என்கிறார். ஸ்கோர் எதை அளக்கிறது என்று பாருங்கள். கீவேர்டு எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே யாராவது தேடியபோது உங்கள் விளம்பரம் எப்படி இருந்தது என்பதன் அடிப்படையில்தான் குவாலிட்டி ஸ்கோர் போடப்படுகிறது. மேட்ச் வகையை மாற்றினால் ஸ்கோர் மாறாது என்பதற்கும் இதுவே காரணம். எனவே உங்கள் 3 என்பது, motor என்ற ஒற்றைச் சொல்லைத் தேடியவர்களிடம் நீங்கள் எடுத்த மார்க். உங்களிடம் பணம் வாங்கியவையோ பிராட் மேட்ச் இழுத்துவந்த நூற்றுக்கணக்கான வேறு தேடல்கள். அவற்றைப் பற்றி அந்த 3 ஒன்றும் சொல்வதில்லை. motor என்று தேடுபவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது. அவரைத் திருப்திப்படுத்தும் விளம்பரம் எழுத முயல்வது வீண் உழைப்பு.

மூன்றையும் கூட்டி சராசரி எடுத்ததும் வேண்டாத வேலை. ஸ்கோர் ஒவ்வொரு கீவேர்டுக்கும் தனித்தனியானது. அது ஏலத்தில் நேரடியாகக் கலந்துகொள்ளும் எண்ணும் அல்ல. ஏலம் நடக்கும் அந்தக் கணத்தில் கூகுள் தரத்தைத் தனியாகக் கணிக்கிறது. தேடுபவர் இருக்கும் இடம், கையில் இருப்பது போனா கணினியா, நேரம், உடன் போட்டியிடும் விளம்பரங்கள் எல்லாம் அதில் சேர்கின்றன. உங்கள் திரையில் தெரியும் 7, 4, 3 என்பவை, எங்கே வலிக்கிறது என்று காட்டும் குறிகள் மட்டுமே. காய்ச்சல் பார்க்கும் கருவியைக் குளிர்ந்த நீரில் வைத்து அளவைக் குறைக்கலாம், நோயாளிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஆக, முதல் வேலை: motor கீவேர்டை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன், அதன் வழியாக வந்த நான்கு அழைப்புகள் எந்தத் தேடல்களிலிருந்து வந்தன என்று பார்த்து, உருப்படியானவற்றைத் தனிக் கீவேர்டாக, அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் காட்டும் ஃபிரேஸ் மேட்ச்சில் சேருங்கள். price, rate, winding wire, second hand, inspector போன்றவற்றை, எந்தச் சொல் இருந்தால் விளம்பரம் வரக் கூடாது என்று சொல்லும் நெகட்டிவ் பட்டியலில் போடுங்கள். மீதமுள்ள இரண்டு கீவேர்டுகளுக்கும் அவை காவல் நிற்கும். ஊர் அமைப்பில் Presence or interest என்ற இயல்புநிலைத் தேர்வு அப்படியே இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து கோவையைப் பற்றித் தேடுபவருக்கும் அது விளம்பரத்தைக் காட்டும். போர்வெல் மோட்டாரைத் தூக்க ஆள் அனுப்பும் கடைக்கு Presence போதும்.

இதைச் செய்தால் அதே 24,000 ரூபாயில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர்வெல் கீவேர்டுக்குத் தகுதியான வாய்ப்புகள் 10,000. ஏலத்துக்குள் போன 5,000-இல் 3,800-ஐ வென்றிருக்கிறது, அதாவது 76 சதவீதம். பணத் தடை நீங்கினால் 7,600 இம்ப்ரெஷன் வரும். இப்போதுள்ள 8 சதவீத கிளிக் விகிதத்தில் 608 கிளிக். ஒன்று 26 ரூபாய் வீதம் 15,800 ரூபாய். சப்மெர்சிபிளுக்குத் தகுதியானவை 12,000. அது உள்ளே போன 7,800-இல் 2,640-ஐத்தான் வென்றது, 34 சதவீதம். பணம் இருந்தால் 4,060 இம்ப்ரெஷன், 203 கிளிக், ஒன்று 41 ரூபாய் வீதம் 8,300 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 24,100. உங்கள் இன்றைய பட்ஜெட் அப்படியே போதும். மாதத்துக்கு 800 × 30.4, அதாவது 24,320 ரூபாய்க்கு மேல் கூகுள் வாங்காது. சில நாட்களில் 1,600 வரை செலவாகலாம்; அதைப் பார்த்துப் பதறி பட்ஜெட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

அழைப்பு விகிதம் இப்போதுபோல் இருந்தால் போர்வெல்லில் 38, சப்மெர்சிபிளில் 10 அல்லது 11. இன்றைய 30 அழைப்புகளுக்குப் பதில் 48, 49. புதிதாக வரும் கிளிக்குகள் வேறு நேரத்தில், வேறு ஆட்களிடமிருந்து வரும் என்பதால் நான் 42-க்கு மேல் எதுவந்தாலும் மகிழ்ச்சி என்று வைத்துக்கொள்வேன். ஒரு ரூபாய்கூட கூட்டாமல் இது.

ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டைத் திறக்கும்போது ஒரு அதிர்ச்சி காத்திருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மேற்சொன்னபடி நடந்தால் தகுதியான வாய்ப்புகள் 22,000-ஆகச் சுருங்கும். அதில் ஷேர் 53 சதவீதம், பட்ஜெட் இழப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், ரேங்க் இழப்பு 47. இன்று 25-ஆக இருப்பது 47-ஆக ஏறியிருக்கும். அந்த ஏஜென்சிக்காரர் பார்த்தால், “பார்த்தீர்களா, உங்கள் விளம்பரத்தின் தரம் சரிந்துவிட்டது” என்பார். தரம் ஒரு துளியும் சரிந்திருக்காது. எண்ணிக்கையில் பார்த்தால் இன்று ரேங்க்கால் தோற்பது 12,500 முறை, அன்று 10,340 முறை. முன்பு பட்ஜெட் என்ற திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த தோல்வி வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. முதலிலேயே சதவீதங்களை எண்ணிக்கையாக மாற்றியது இந்த நாளுக்காகத்தான்.

இதன் மறுபக்க ஏமாற்றும் உண்டு. வாய்ப்புகளைச் சுருக்கிக்கொண்டே போனால் ஷேர் தானாக ஏறும். மாதம் நாற்பது பேர் தேடும் நான்கு கீவேர்டுகளை, அதே பொருளில் தேடினால் மட்டும் காட்டும் எக்ஸாக்ட் மேட்ச்சில் வைத்து 95 சதவீத ஷேரைச் சட்டம் போட்டு மாட்டலாம். கடையில் போன் அடிக்காது.

இனித்தான் தரத்தின் முறை வருகிறது, அதுவும் சப்மெர்சிபிள் கீவேர்டில் மட்டும். மூன்றில் ரேங்க் இழப்பு அதிகமாகவும் ஸ்கோர் குறைவாகவும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பது அங்கேதான். அதோடு, வருகிற அழைப்பு கடைக்கு வேண்டிய அழைப்பாகவும் இருக்கிறது. இந்த மூன்றும் பொருந்தும் கீவேர்டில் செலவழிக்கும் உழைப்புதான் பணமாகத் திரும்பும்.

ஸ்கோரின் உள்ளே மூன்று கூறுகள் இருக்கின்றன. நெடுவரிசைகளில் Exp. CTR, Ad relevance, Landing page exp. என்று இருப்பவை. ஒவ்வொன்றும், கடந்த 90 நாட்களில் அதே தேடலுக்கு விளம்பரம் காட்டிய மற்றவர்களோடு ஒப்பிட்டு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று மதிப்பிடப்படுகிறது. உங்கள் சப்மெர்சிபிளுக்கு முதல் கூறு சராசரி. மற்ற இரண்டும் சராசரிக்குக் கீழ். ஆக, மக்கள் கிளிக் செய்யத் தயங்குவது இங்கே பிரச்சினை அல்ல. சொன்னதும் கூட்டிப்போன இடமும்தான் பிரச்சினை.

இரண்டு கீவேர்டுகளையும் ஒரே விளம்பரக் குழுவில் வைத்திருக்கிறீர்கள். தலைப்புகள் எல்லாம் போர்வெல் என்றே பேசுகின்றன. கடைக்காரருக்குப் போர்வெல் மோட்டாரும் சப்மெர்சிபிளும் ஒன்றாக இருக்கலாம். கிணற்றிலும் சம்ப்பிலும் சப்மெர்சிபிள் போட்டிருப்பவர் அப்படி நினைப்பதில்லை. தனிக் குழு ஆக்கி, அவர்கள் தேடும் சொல்லையே தலைப்பில் வையுங்கள். இது ஒரு மணி நேர வேலை.

பக்கம்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியது. உங்கள் விளம்பரம் முகப்புப் பக்கத்துக்குப் போகிறது. மேலே கடையின் பெரிய படம், அது போனில் திறப்பதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம். அதன் கீழே நிறுவனத்தின் வரலாறு. போன் எண் அடியில். வீட்டில் மேல்தொட்டி காலியாக இருக்கும்போது தேடுகிற மனிதருக்கு உங்கள் வரலாறு வேண்டாம். சப்மெர்சிபிளுக்கு ஒரு தனிப் பக்கம் போடுங்கள். முதல் திரையிலேயே தட்டினால் அழைக்கும் எண், எந்தெந்தப் பகுதிகளுக்கு ஆள் வருவார், வந்து பார்க்க எவ்வளவு, எத்தனை ஹெச்பி வரை செய்வீர்கள், அன்றே வருவீர்களா என்ற விவரம். கடையின் பெரிய படத்தைக் கீழே தள்ளுங்கள்; முடிந்தால் எடுத்தே விடுங்கள்.

தரம் ஏறினால் பணத்தில் எப்படித் தெரியும் என்பதை மிக எளிமையாக்கிச் சொல்கிறேன். உண்மையான கணக்கு இதைவிடப் பல அடுக்கு கொண்டது. ஓர் ஏலத்தில் இடம் பிடிக்க 180 புள்ளி வேண்டும், புள்ளி என்பது ஏலத் தொகை பெருக்கல் தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரம் 4 என்றால் 45 ரூபாய் கேட்க வேண்டும்; அது உங்கள் வரம்பின் விளிம்பு. தரம் 6 ஆனால் 30 ரூபாய் போதும். 240 புள்ளி தேவைப்படும் ஏலத்தில் தரம் 4 இருந்தால் 60 ரூபாய் வேண்டும், உங்கள் வரம்பு தாண்டிவிட்டது, தோல்வி. தரம் 6 என்றால் 40, உள்ளே வந்துவிடுவீர்கள். ஒரே மாற்றம் இரண்டு வேலை செய்கிறது: தோற்றுக்கொண்டிருந்த ஏலங்கள் சில கைக்கு வருகின்றன, ஏற்கெனவே வென்றுகொண்டிருந்தவை மலிவாகின்றன. மலிவான கிளிக் என்றால் அதே 800 ரூபாய் சாயங்காலம் வரை தாங்கும். ‘பட்ஜெட் இழப்பு’ என்று திரை சொல்வதில் ஒரு பங்கு, உண்மையில் தரக் குறைவுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை. பட்ஜெட் இழப்பு, ரேங்க் இழப்பு, ஸ்கோர் என்ற மூன்று எண்களுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஸ்கோர் நாலிலிருந்து ஏறுகிறதா என்று தினமும் எட்டிப் பார்க்க வேண்டாம். அது ஒப்பீடு; வாரக்கணக்கில் அசையும். அதற்கு முன்பே சப்மெர்சிபிளின் கிளிக் விலை 41-லிருந்து இறங்கத் தொடங்கும், ரேங்க் இழப்பு 43-லிருந்து கீழே வரும். அவைதான் முதலில் பேசும். ஸ்கோர் நாலாகவே இருந்து இவை இரண்டும் இறங்கினால் நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று பொருள். ஸ்கோர் ஏழாகி இவை அசையாமல் இருந்தால் தேடவேண்டியது வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் பெரும்பாலும் ஏலத் தொகைதான். ரேங்க் இழப்பு என்றாலே தரக் குறைவு என்று பலர் படிக்கிறார்கள். போர்வெல் கீவேர்டைப் பாருங்கள்: ஸ்கோர் 7, ஆனாலும் 12 சதவீதம் ரேங்க்கால் போகிறது. நல்ல தரம் இருந்தும் தோற்கிறது என்றால் எதிரி அதிகம் கொடுக்கிறார், அல்லது உங்கள் வரம்பு அந்த நேரத்துக்குப் போதவில்லை. 12 என்பதற்காக நான் எதையும் தொட மாட்டேன். அங்கே 26 ரூபாய்க்கு வாங்கும் கிளிக்கை 35 கொடுத்து வாங்கி அந்த 12-ஐ அழிப்பது, ஜெயிப்பதற்காகவே ஏலம் கேட்பது.

தாளில் வாரம் ஒருமுறை தகுதியான வாய்ப்புகளின் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நிலத்தடி நீர் இறங்கி, தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகும் காலத்தில் தேடல்கள் கூடும். அப்போது அதே பட்ஜெட்டில் ஷேர் சரியும், பட்ஜெட் இழப்பு மீண்டும் தலைதூக்கும். நீங்கள் எதையும் கெடுத்திருக்க மாட்டீர்கள். வகுக்கும் எண் பெருத்திருக்கும். போர்வெல் கீவேர்டில் ஷேரும் ரேங்க் இழப்பும் போக மிச்சம் 20-க்கு மேல் போய், ஓர் அழைப்புக்கு 416 ரூபாய் என்ற கணக்கும் அப்படியே நின்றால், அன்றைக்கு மாமாவிடம் போய்ப் பட்ஜெட்டைக் கூட்டக் கேளுங்கள். ஒரு வேலையில் அவருக்கு எவ்வளவு நிற்கிறது, மூன்று அழைப்பில் எத்தனை வேலையாகிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஷேர் பத்துக்குக் கீழே போனால் கூகுள் சரியான எண்ணைத் தராது, <10% என்று மட்டும் எழுதும். அந்த வாரத்தில் இந்த வகுத்தலைச் செய்யாதீர்கள். வாரத்துக்கு 30, 40 கிளிக் வரும் கீவேர்டிலும் ஒரு வார ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். முப்பது நாட்களைச் சேர்த்துப் பாருங்கள். motor கீவேர்டை நிறுத்தி மூன்று வாரம் ஆனதும் போர்வெல்லின் ரேங்க் இழப்பு 12-லிருந்து 25, 30 என்று ஏறியிருந்தால் மட்டும் Auction insights பகுதியைத் திறந்து, உங்களுக்கு மேலே அடிக்கடி வரத் தொடங்கிய புதுப் பெயர் எது என்று பாருங்கள். அந்தப் பட்டியலை அனுப்பினால், வரம்பை 45-லிருந்து உயர்த்தலாமா என்று அப்போது பேசுவோம்.